கர்ப்பப்பை இறங்கினால் எடுத்துத்தான் ஆகணுமா? அதைத் தாங்கிப் பிடிப்பது எது?

“அடி இறங்கிடுச்சு.” நம்ம ஊர்ல நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் தங்களுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை இது. டாக்டரிடம் போனால் அதற்குப் பெயர் கர்ப்பப்பை இறக்கம். ஆங்கில மருத்துவத்தில் ப்ரொலாப்ஸ். டாக்டரிடம் போகவே பல வருஷம் ஆகிவிடும் என்பது வேறு கதை. போன பிறகு பெரும்பாலும் காதில் விழும் முதல் வாசகம், “குழந்தைங்க பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம்”.

எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், கர்ப்பப்பை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எதில் தொங்குகிறது, அதற்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் உடற்கூறியல்தான். ஆனால் பயப்படத் தேவையில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கர்ப்பப்பை எங்கே இருக்கிறது?

கர்ப்பமில்லாத நிலையில் கர்ப்பப்பை நம் கைக்குள் அடங்கிவிடும். நீளம் சுமார் 7.5 செ.மீ., எடை 50 முதல் 60 கிராம்வரை. கவிழ்த்து வைத்த பேரிக்காய் மாதிரி இருக்கும். அகலமான பகுதி மேலே, குறுகலான ‘வாய்’ கீழே. முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். பெரும்பாலான பெண்களுக்கு அது நேராக நிற்பதில்லை, முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும்.

இடுப்பெலும்பு ஒரு கிண்ணம் என்று நினைத்தால், அது அடியில் ஓட்டையுள்ள கிண்ணம். குழந்தை வெளியே வர வேண்டுமே, அதற்காக. அந்த ஓட்டையை மூடியிருப்பது எலும்பு இல்லை, தசை. லெவேட்டர் ஏனி என்ற தசைக்கூட்டம் முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளி கட்டியதுபோல விரிந்திருக்கிறது. இதைத்தான் இடுப்புத் தளம் என்கிறார்கள். சிறுநீர் வழி, பிறப்புறுப்புப் பாதை, ஆசனவாய் மூன்றும் இதற்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன.

இந்தத் தசையின் முக்கியமான குணம், இது எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். நாம் தூங்கும்போதுகூட. அந்த இறுக்கத்தால்தான் பாதை மூடியிருக்கிறது, மேலே இருக்கும் உறுப்புகளின் எடை அதன்மேல் அமர்ந்திருக்கிறது.

லிகமெண்ட் என்ன வேலை செய்கிறது?

லிகமெண்ட் என்றதும் நமக்கு கிரிக்கெட் வீரரின் முட்டிதான் ஞாபகம் வரும். எலும்பையும் எலும்பையும் கட்டும் கெட்டியான நார். கர்ப்பப்பையின் லிகமெண்டுகள் அப்படிப்பட்டவை இல்லை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்ததுதான் குழப்பம்.

கர்ப்பப்பைக்கு லிகமெண்ட் என்று பாடப்புத்தகம் பட்டியல் போடுவதில் பாதி, எடையைத் தாங்குவதே இல்லை. பிராட் லிகமெண்ட் என்பது வயிற்றின் உள்சவ்வு கர்ப்பப்பை மேல் போர்வை மாதிரி மடிந்து கிடப்பது, அவ்வளவுதான். ரவுண்ட் லிகமெண்ட் கர்ப்பப்பையின் மேல்முனையிலிருந்து தொடை இடுக்கு வழியாகப் போய் பிறப்புறுப்பின் வெளி இதழ்வரை சேரும். கர்ப்பகாலத்தில் சட்டென்று எழுந்தால் அடிவயிற்று ஓரத்தில் சுளீர் என்று இழுக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கர்ப்பப்பையை முன்பக்கம் சாய்த்து வைக்க இது கொஞ்சம் உதவுகிறது. கீழே விழாமல் தாங்குவது இதன் வேலை இல்லை.

உண்மையில் தாங்குவது இரண்டு. இரண்டும் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியைத்தான் பிடிக்கின்றன. ஒன்று கார்டினல் லிகமெண்ட், வாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் இடுப்பின் பக்கச் சுவருக்குப் போகிறது. இன்னொன்று யூட்ரோசேக்ரல் லிகமெண்ட், வாயின் பின்பக்கத்திலிருந்து முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பை நோக்கிப் போகிறது. அதாவது கர்ப்பப்பையின் தலை காற்றில் சுதந்திரமாக ஆடும், கழுத்துதான் கட்டப்பட்டிருக்கும்.

இதிலும் ஒரு விஷயம் கவனிக்கணும். கார்டினல் லிகமெண்டை வெட்டிப் பார்த்தால் கயிறு மாதிரி எதுவும் இருக்காது. ரத்தக்குழாய்கள், நரம்புகள், அவற்றைச் சுற்றி அடர்ந்துபோன இணைப்புத் திசு, அவ்வளவுதான். கர்ப்பப்பைக்கு ரத்தம் வரும் வழியும், கர்ப்பப்பையைப் பிடித்துத் தொங்கவிடும் கட்டும் ஒரே இடம். அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

தசை, கட்டு – எது முதலில் போகிறது?

மருத்துவப் பாடத்தில் இதற்குப் படகு உவமை சொல்வார்கள். நாம் காசிமேட்டில் பார்த்த காட்சியாக மாற்றிக்கொள்ளலாம். துறைமுகத்தில் படகு கட்டியிருக்கிறது. அதன் எடையைத் தாங்குவது தண்ணீர். கயிறு படகை நகராமல் வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வற்றினால் மொத்த எடையும் கயிற்றின்மேல் வரும். கொஞ்ச நாள் தாங்கும், பிறகு நைந்துபோகும்.

இங்கே தண்ணீர் என்பது இடுப்புத் தளத் தசை. கயிறு என்பது அந்த இரண்டு லிகமெண்டுகள். படகு கர்ப்பப்பை.

தண்ணீர் எப்போது வற்றுகிறது? முதல் இடம் சுகப்பிரசவத்துக்குத்தான். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் லெவேட்டர் தசையின் உட்பகுதி அதன் சாதாரண நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரியில் செய்த ஆய்வு காட்டுகிறது. பெரும்பாலான பெண்களுக்குத் தசை பழையபடி திரும்பிவிடும். சிலருக்கு முன் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிய்ந்துவிடும். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், அதாவது ஃபோர்செப்ஸ் போட்டதில், இந்த ஆபத்து அதிகம். அன்றைக்கு எதுவும் தெரியாது. பல வருஷம் கழித்து, மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலியும்போதுதான் வேலையைக் காட்டும். தீராத இருமல், வருஷக்கணக்கில் மலச்சிக்கலோடு முக்குவது, தினமும் பாரம் தூக்குவது இதெல்லாம் கயிற்றை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். சிசேரியன் செய்தவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது.

குழந்தையே பெறாத இளம்பெண்களுக்கும் சில சமயம் வருகிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் இணைப்புத் திசுவே பிறவியிலேயே பலவீனம். இவர்களுக்காக யோசித்த இந்திய டாக்டர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்படும். காலையில் எழும்போது இருக்காது, மாலையில் வேலை முடிக்கும்போது பாரமாக இருக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட அதுதான். சிலர் விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீரோ மலமோ முழுசாக வரும் என்பார்கள். இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுவார்கள், ஆனால் டாக்டருக்கு மிகவும் தேவையான தகவல் இது. வெள்ளைப்படுதல் மட்டும் இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கத்தின் அடையாளம் இல்லை. வெறும் முதுகுவலியும் இல்லை.

டாக்டர்கள் இதை அளந்து பார்ப்பார்கள். 1996இல் வெளியான பாப்-க்யூ என்ற முறைதான் இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. பிறப்புறுப்பின் வாசலில் கன்னிச்சவ்வு இருந்த இடம் பூஜ்யம். அதற்கு உள்ளே இருந்தால் மைனஸ், வெளியே வந்தால் பிளஸ், எல்லாம் சென்டிமீட்டரில்.

ஒரு உதாரணம் வெச்சுப் பார்க்கலாம். நபர் கற்பனை, அளவுகள் நடைமுறையில் வருபவைதான். வயது 52, மூன்று சுகப்பிரசவம், வீட்டு வேலைக்குப் போகிறவர். பரிசோதனை மேஜையில் படுத்து முக்கச் சொல்லும்போது கர்ப்பப்பை வாய் பிளஸ் 2இல் இருக்கிறது. சரியாகத் தாங்கப்பட்டிருந்தால் அது மைனஸ் 7 வாக்கில் இருந்திருக்கும். ஆக அது 9 செ.மீ. கீழே வந்திருக்கிறது. வாசலைத் தாண்டி 1 செ.மீ.க்கு மேல் வெளியே வந்துவிட்டதால் இது 3ஆம் நிலை. பாதை முழுவதும் வெளியே புரண்டு வந்தால் 4ஆம் நிலை.

இந்த 9 செ.மீ. எதனால் வந்தது? மேல்முனையைப் பிடித்திருந்த இரண்டு லிகமெண்டுகளும் நீண்டுபோனதால். கர்ப்பப்பைக்குள் எந்த நோயும் இல்லை. கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை. இறங்கிய உறுப்பு நல்ல உறுப்பு, அறுந்தது கயிறு.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கர்ப்பப்பையை எடுத்த பிறகு பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனை தைத்து மூடப்படும். அந்த முனையை எதிலும் மாட்டாமல் விட்டால், சில வருஷத்தில் அந்தத் தைத்த முனையே கீழே இறங்கும். சாக்ஸை உள்ளிருந்து வெளியே புரட்டுவதுபோல. இதற்கு வால்ட் ப்ரொலாப்ஸ் என்று பெயர். “எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே, மறுபடி எப்படி இறங்குது?” என்று கேட்கும் பெண்களுக்கு நடந்தது இதுதான்.

அதனால் நல்ல சர்ஜன் கர்ப்பப்பையை எடுப்பதோடு நிறுத்த மாட்டார். வெட்டிய யூட்ரோசேக்ரல் லிகமெண்டுகளின் நுனியை மேல்முனையோடு சேர்த்துத் தைப்பார். 1957இல் மெக்கால் என்ற டாக்டர் விவரித்த முறை இன்றும் நடக்கிறது. இல்லையென்றால் இடுப்பின் பின்பக்கம் இருக்கும் சேக்ரோஸ்பைனஸ் என்ற கெட்டியான லிகமெண்டில் தையல் போட்டு மாட்டுவார்கள். அந்தத் தையலை எலும்பு முனையிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்பக்கம் தள்ளித்தான் போட வேண்டும். முனைக்குப் பின்னாலேயே முக்கியமான நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பின்புறத்தில் ஒரு பக்கம் வலி இருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். வலி மிகக் கடுமையாக, காலுக்குப் பரவினால் உடனே சொல்லணும்.

ஆக, “எடுத்துடலாம்” என்று டாக்டர் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி இது: “எடுத்த பிறகு மேல்முனையை எதுல மாட்டுவீங்க?” இதற்குத் தெளிவான பதில் வரணும்.

ரத்தக்குழாயும் சிறுநீர்க்குழாயும்

இதை எழுத முக்கியமான காரணம் இந்தப் பகுதிதான். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் முக்கியக் குழாய் யூட்ரைன் ஆர்ட்டரி. இடுப்பின் உள்ளே ஓடும் இலியாக் தமனியிலிருந்து கிளம்பி, கார்டினல் லிகமெண்ட் வழியாகக் குறுக்கே வந்து, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் திரும்பி, உடம்பின் ஓரமாக வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. அந்த வளைவுகள் சும்மா இல்லை. கர்ப்பகாலத்தில் கர்ப்பப்பை வளரும்போது குழாயும் நீள வேண்டும், அதற்குத்தான். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு 500 மி.லி.க்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போகிறது.

இந்தக் குழாய் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், வாயிலிருந்து 1.5 முதல் 2 செ.மீ. தள்ளி, அதற்கு அடியில் சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் கடந்து போகிறது. ‘பாலத்துக்கு அடியில் தண்ணீர்’ என்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். கர்ப்பப்பையை எடுக்கும்போது பாலத்தைக் கட்டி வெட்ட வேண்டும், தண்ணீரைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் அகலம்தான். அதனால்தான் சர்ஜன் கர்ப்பப்பையை ஒட்டியே கிளாம்ப் போடுவார்.

கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அது கீழே வரும்போது பாலத்தையும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. முழுசாக வெளியே வந்த நிலையில் சிறுநீர்க்குழாய் மடங்கி, சிறுநீர் தேங்கி, சிறுநீரகமே வீங்கலாம். வலி இல்லாமலே இது நடக்கும். ‘வயசானா இப்படித்தான்’ என்று வருஷக்கணக்கில் விட்டவர்களுக்கு சிறுநீரக ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு விலா எலும்புக்குக் கீழே பக்கவாட்டில் வலி, காய்ச்சல், சிறுநீர் குறைவது, அல்லது பிறப்புறுப்பு வழியாக இடைவிடாமல் தண்ணீர் மாதிரி கசிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் சிறுநீர்க்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ காயம் பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம்.

“ஓவரிக்கு ரத்தம் போகுமா?” என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஓவரியின் சொந்தக் குழாய் மேலே வயிற்றின் பெரிய தமனியிலிருந்தே நேராக வருகிறது, அது யூட்ரைன் ஆர்ட்டரியோடு கைகோக்கிறது. அதனால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ஓவரி பட்டுப்போகாது. ஆனால் சிலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றங்கள் சற்று முன்னதாகவே வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

எடுக்காமலே மாட்ட முடியாதா?

முடியும். இதில் இந்திய டாக்டர்களுக்குத் தனி இடம் உண்டு. பம்பாயில் பணியாற்றிய வி.என்.ஷிரோத்கர் என்ற பெயரைக் கர்ப்பப்பை வாய்த் தையலுக்காக உலகமே அறியும், 1955இல் அவர் வெளியிட்டது அது. கர்ப்பப்பை இறக்கத்துக்கும் அவர் ஒரு ஆபரேஷன் வகுத்தார். நீண்டுபோன யூட்ரோசேக்ரல் லிகமெண்டுக்குப் பதிலாக ஒரு பட்டையை கர்ப்பப்பை வாயின் பின்பக்கம் தைத்து, அதை வயிற்றுச் சவ்வுக்கு அடியில் கொண்டுபோய் திரிக எலும்பின் மேல்விளிம்பில் மாட்டுவது. போன கயிறு எந்தத் திசையில் போனதோ, அதே திசையில் புதுக் கயிறு.

அதே பம்பாயின் புரந்தரே முறை வேறு மாதிரி. கர்ப்பப்பை வாயின் முன்பக்கத்தில் பட்டையைத் தைத்து, முன் வயிற்றுத் தசை உறையில் மாட்டுவது. செய்வது சுலபம், பெரிய ரத்தக்குழாய்கள் பக்கத்தில் இல்லை. குறை என்னவென்றால், இழுப்பு முன்பக்கம் போகிறது. இயற்கையில் அது பின்பக்கம். கர்ப்பப்பைக்குப் பின்னால் இடம் திறந்துகொண்டு, அதில் குடல் இறங்க வழி ஏற்படலாம். கன்னாவின் முறையில் பட்டை இடுப்பெலும்பின் முன் முனைக்குப் போகும். மூவரும் தேடியது ஒரே பொருள்தான், ஆணி அடிக்க ஒரு கெட்டியான இடம்.

இவை முதலில் இளம்பெண்களுக்காக வந்தவை. ஆனால் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டுவது மற்றவர்களுக்கும் பொருந்துமா? நெதர்லாந்தில் 208 பெண்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கர்ப்பப்பையைச் சேக்ரோஸ்பைனஸ் லிகமெண்டில் மாட்டியவர்களின் முடிவு, எடுத்துவிட்டு மாட்டியவர்களைவிட மோசமாக இல்லை. கர்ப்பப்பையில் புற்றுநோய் சந்தேகம், நிற்காத ரத்தப்போக்கு போன்றவை இருந்தால் எடுப்பதே சரி. அந்த வேறுபாட்டை டாக்டர் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனே இல்லாத வழி?

1, 2ஆம் நிலைகளில் முதலில் தண்ணீரை ஏற்றிப் பார்க்கலாம், அதாவது தசைப்பயிற்சி. 1948இல் கீகல் என்ற டாக்டர் அறிமுகப்படுத்தியது. காற்றுப் போவதை அடக்குவதுபோல உள்ளே இழுத்து, சில விநாடி பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முதல் 12 முறை, நாளைக்கு மூன்று தடவை. வயிறும் தொடையும் இறுகினால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்று, நான்கு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பிளஸ் 2இல் இருக்கும் நம் உதாரணப் பெண்ணுக்கு இது மட்டும் போதாது.

அவருக்கு பெஸ்ஸரி பொருந்தலாம். சிலிகான் வளையம். அளவு பார்த்து உள்ளே வைத்தால் கர்ப்பப்பை மேலேயே நிற்கும். நடந்து, உட்கார்ந்து, சிறுநீர் கழித்துப் பார்க்கச் சொல்வார்கள். விழவில்லை, வலிக்கவில்லை என்றால் அளவு சரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்கணும். வைத்துவிட்டு மறந்துபோவதில்தான் ஆபத்து. வேலைக்கு லீவு போட முடியாதவர்களுக்கும், மயக்க மருந்து தாங்காத உடம்புக்கும் இது நல்ல வழி. ஆனால் நம்ம ஊரில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

சொல்லாமலே எடுத்துவிடுவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றங்கள் பற்றிய வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த வழக்கு பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் சம்பவங்களிலிருந்து வந்தது, உத்தரவு எல்லா மாநிலங்களுக்கும்.

எங்கே கேட்பது?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து இயங்கும் 104 மருத்துவ ஆலோசனை எண்ணைத் தமிழ்நாட்டில் எங்கிருந்தும் அழைக்கலாம். முகம் காட்டிச் சொல்லத் தயங்குபவர்களுக்கு முதல் படியாக அது போதும். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை மகளிர் புறநோயாளிப் பிரிவுக்குப் போகணும்.

போகும்போது எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டார்களா, சிறுநீர் எப்படிப் போகிறது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வந்தாலோ, வெளியே வந்தது உள்ளே போகாமல் நின்றாலோ, சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.